வீட்டு அடுப்பா, வாடகை அறையா, பகிர்வுக் கூடமா? செயலி வழியே மட்டும் விற்கும் சமையலறைக்கு இடம் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் கலவை சாதம் மட்டும் சமைத்து, சுவிகி, சொமேட்டோ போன்ற செயலிகள் வழியாக மட்டும் விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வீட்டுச் சமையலறையிலேயே தொடங்குவதா, தெருவோரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனிச் சமையலறை அமைப்பதா, அல்லது அடுப்பு மேடையும் புகைபோக்கியும் தயாராக இருக்கும் பகிர்வுச் சமையற்கூடத்தில் ஒரு பகுதியை எடுப்பதா என்பதே அவர்களுடைய கேள்வி. செயலிக்குச் செலுத்தும் கமிஷன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஓர் ஆர்டரில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை முதலில் துல்லியமாகக் கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கொண்டு ஒவ்வோர் இடத்தின் மாதச் செலவையும் சுமக்க முடியுமா என்று பார்ப்பதே சரியான வரிசை. பலர் இடத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுகிறார்கள். சமையலில் ஒரு குறையும் இல்லாமல் சமையலறைகள் மூடப்படுவதற்கு நான் பார்த்த முதற்காரணம் அதுதான்.

## எதைக் கொண்டு அளப்பது

நான்கு அளவுகோல்கள் போதும். ஒன்று, முதலாளிக்குச் சம்பளம் எதுவும் வைக்காமல் மாதச் செலவை மட்டும் ஈடுகட்டவே நாளொன்றுக்கு எத்தனை ஆர்டர் தேவை என்பது. இரண்டு, மதிய நெரிசலில் அந்த இடம் எத்தனை ஆர்டரைத் தாங்கும் என்பது. மூன்று, உரிமம், எரிவாயு, மின் இணைப்பு ஆகியவற்றில் பிறகு வந்து இடிக்கும் செலவுகள். நான்கு, வியாபாரம் சரிவராவிட்டால் எவ்வளவு பணத்தை விட்டுவிட்டு வெளியேற வேண்டியிருக்கும் என்பது. இவற்றில் முதல் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தேவைப்படும் ஆர்டர்களின் எண்ணிக்கை அந்த இடம் தாங்கும் எண்ணிக்கையை மீறினால், மற்ற எந்த வசதியும் அந்த இடத்தைக் காப்பாற்றாது.

## 200 ரூபாய் ஆர்டரில் கையில் நிற்பது

ஒரு சாம்பார் சாதமும் ஓர் உருளைக்கிழங்குப் பொரியலும் சேர்ந்து பட்டியல் விலையில் 200 ரூபாய் என்று கொள்வோம். புதிய சமையலறை கண்ணில் படுவதற்காகத் தள்ளுபடி வைக்க வேண்டியிருக்கும். சமையலறையின் பங்காகச் சராசரியாக ஆர்டருக்கு 30 ரூபாய் போகிறது என்றால் மீதி 170. கமிஷன் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பெரும்பாலும் 18 முதல் 30 சதவீதத்துக்குள் அமையும். இங்கே 24 சதவீதம் என்றும், பணம் வசூலிக்கும் கட்டணம் 2 சதவீதம் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்து 44 ரூபாய் 20 காசு.

பலர் கவனிக்காமல் விடும் செலவு இதற்கு அடுத்து வருகிறது. இந்தக் கமிஷன் ஒரு சேவைக் கட்டணம் என்பதால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; இந்தக் கணக்கில் அது 7 ரூபாய் 96 காசு. வாடிக்கையாளர் உணவுக்குக் கட்டும் 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1 முதல் செயலி நிறுவனமே வசூலித்து அரசுக்குச் செலுத்துகிறது. அந்த 5 சதவீத முறையில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால், கமிஷனுக்குக் கட்டிய 18 சதவீதத்தைத் திரும்பப் பெற வழியில்லை; அது முழுச் செலவாகவே நின்றுவிடுகிறது. 26 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் படித்தது கையில் 30.68 சதவீதமாக வந்து சேர்வது இப்படித்தான்.

ஆக 170 ரூபாயில் 52 ரூபாய் 16 காசு போய், சமையலறைக்கு வருவது 117 ரூபாய் 84 காசு. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, எரிவாயு ஆகியவற்றுக்கு 55 ரூபாயும், இரண்டு டப்பா, கரண்டி, பை, முத்திரை ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கு 16 ரூபாயும் கழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருப்பதால் காகிதப் பையின் விலையைத்தான் போட்டாக வேண்டும். செயலிக்குள் விளம்பரத்துக்கு ஆர்டருக்கு 6 ரூபாய், சிந்தியது, தவறியது, திருப்பிக் கொடுத்தது என்று 4 ரூபாய். கடைசியில் நிற்பது 36 ரூபாய் 84 காசு. 37 என்றே வைத்துக்கொள்வோம். வாடகையும் கூலியும் மின்கட்டணமும் இந்த 37 ரூபாயிலிருந்துதான் வர வேண்டும்.

தள்ளுபடியைப் பாதியாக, அதாவது 15 ரூபாயாகக் குறைத்தால் இந்த மீதி 47 ரூபாய்க்கு உயர்கிறது. விட்டுக்கொடுக்காத 15 ரூபாயில் செயலியின் பங்கு போக 10 ரூபாய்க்குச் சற்று மேல் சமையலறைக்கே வருவதால் இது நேர்கிறது. முதல் இரண்டு மாதம் முடிந்ததும் தள்ளுபடியைத் தொடர வேண்டுமா என்பதை இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: கமிஷன் தள்ளுபடிக்கு முந்தைய விலையிலா, பிந்தைய விலையிலா, பொதிக்கட்டணத்தின் மேலும் உண்டா? அந்த ஒரு வரி இந்தக் கணக்கு முழுவதையும் மாற்றிவிடும். தள்ளுபடிக்கு முந்தைய 200 ரூபாயின் மேல் கமிஷன் என்றால், மேலே கண்ட 37 ரூபாய் 28 ரூபாய்க்குச் சுருங்கிவிடும்.

## பட்டியல் ஏன் சிறியதாக இருக்க வேண்டும்

மூன்று இடங்களையும் ஒப்பிட ஒரே பட்டியலை வைத்துக்கொள்கிறேன்: சாம்பார் சாதம், புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். எலுமிச்சையும் புளியோதரையும் தயிரும் வடித்த ஒரே சாதத்தில் நிற்பவை. சாம்பார் சாதம் மட்டும் தனியே குழைய வேகும். புளிக்காய்ச்சலை நான்கைந்து நாளுக்குச் சேர்த்துக் காய்ச்சி வைக்கலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால்தான் கசக்காது. தயிர் சாதத்தில் காலையில் பாலைத் தாராளமாகவும் தயிரைக் குறைவாகவும் கலந்தால் மதியம் இரண்டு மணிக்கும் புளிக்காமல் இருக்கும். சாம்பார் சாதம் டப்பாவுக்குள் அரை மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால், நாம் வீட்டில் பரிமாறும் பதத்தைவிடத் தளர்வாகக் கட்ட வேண்டும். 'கட்டியாக இருந்தது' என்ற குறை வந்தால் அது பயண நேரத்தின் விளைவு, சமைத்தவரின் கைப்பிழை அன்று.

ஏழாவதாகத் தோசையைச் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். ஒரு தோசைக்கல் ஓர் அடுப்பை முழுநேரமும் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆளையும் அதன் முன்னால் நிறுத்திவைக்கும். தோசையோ டப்பாவின் ஆவியில் துவண்டுதான் போய்ச் சேரும். மேலே சொன்ன ஆறில் பொரியலும் அப்பளமும் தவிர மற்ற நான்கும் ஆர்டர் வருவதற்கு முன்பே முடிந்திருப்பவை. அதனால் ஆர்டர் வந்த பின் மிஞ்சும் வேலை பெரும்பாலும் கட்டுவதுதான். சரிபார்த்து, ஒட்டி, பையில் இட ஓர் ஆளுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். கீழே வரும் கொள்ளளவுக் கணக்குகள் எல்லாம் இந்த மூன்று நிமிடத்தில்தான் நிற்கின்றன. சூடாகப் போக வேண்டிய சாதத்தை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் காக்கும் பாத்திரம் ஒன்று எந்த இடத்திலும் தேவை; வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும் சாதத்தில் நச்சுக் கிருமி வளரும், பிறகு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது.

## வீட்டுச் சமையலறை

மாதச் செலவு குறைவு. அரைநாள் உதவியாளருக்கு 6,000, கூடுதல் மின்சாரம், தண்ணீர், இணையம், துப்புரவு என்று 3,000, தொடக்கத்தில் வாங்கும் 36,000 ரூபாய்ப் பாத்திரங்களையும் தராசையும் மூன்று ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,000. மொத்தம் 10,000 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் திறந்தால், 37 ரூபாய் மீதியில் நாளுக்கு 11 ஆர்டர் வந்தாலே செலவு ஈடாகிவிடும்.

ஆனால் சமைப்பவருக்கு மாதம் 20,000 ரூபாயாவது வேண்டும் என்று வைத்தால் தேவை 32 ஆர்டருக்கு ஏறுகிறது. இங்கேதான் வீட்டின் எல்லை தெரிகிறது. மதிய ஆர்டர்களில் பாதி, பன்னிரண்டே முக்கால் முதல் ஒன்றரை வரையிலான 45 நிமிடத்துக்குள் வந்து குவியும். நாளுக்கு 30 ஆர்டர் என்றால் அந்த நேரத்தில் 15; அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஒருவர் அடுப்பில் நிற்க, ஒருவர் கட்டும் வீட்டுச் சமையலறை அதற்கு மேல் தாங்காது. 32 தேவை, 30 கொள்ளளவு என்ற இந்தச் சிறிய இடைவெளியில்தான் பல வீட்டுச் சமையலறைகள் சிக்கித் தவிக்கின்றன: ஓயாமல் வேலை இருக்கும், மாதக் கடைசியில் பணம் இருக்காது. தள்ளுபடியைப் பாதியாக்கி மீதியை 47 ரூபாயாக உயர்த்தினால், அதே 20,000 ரூபாய்க்கு 25 ஆர்டர் போதும். அது கொள்ளளவுக்குள் வந்துவிடுகிறது. வீட்டில் தொடங்குபவர் ஆர்டரைக் கூட்ட அலைவதைவிட, ஓர் ஆர்டரின் மீதியைக் கூட்டுவதையே வேலையாகக் கொள்ள வேண்டும்.

மறைந்த செலவுகள் சில உண்டு. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வேண்டும், அதை வைக்கக் காற்றோட்டமான இடமும் வேண்டும். மின் இணைப்பும் வணிகப் பயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். வீடு வாடகை வீடானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. அடுக்குமாடியானால் விநியோகப் பணியாளர்கள் பகல் முழுவதும் மாடி ஏறி இறங்குவதை அண்டை வீட்டார் எவ்வளவு காலம் பொறுப்பார்கள் என்பதும் ஒரு செலவுதான். நான் வீட்டில் நடத்திய ஏழாவது மாதத்தில், உணவைப் பற்றி ஒரு குறையும் இல்லாதபோதே, மின்தூக்கியின் வாசலில் நின்ற கூட்டத்துக்காகக் குடியிருப்போர் சங்கம் என்னை அழைத்துப் பேசியது. தரைத்தளத்து வீடு கிடைத்திருந்தால் இன்னும் ஓராண்டு அங்கேயே இருந்திருப்பேன்.

## வாடகை அறை

ஆதம்பாக்கம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளின் உள்தெருவில் தரைத்தள அறை ஒன்றை 14,000 ரூபாய்க்கு எடுப்பதாகக் கொள்வோம். முதலாளியே சமைக்கிறார், உதவிச் சமையல்காரர், கட்டுபவர் இருவருக்கும் 28,000. மின்சாரம் 4,000, தண்ணீர், துப்புரவு, பழுது 3,000. மேடை, புகைபோக்கி, பெரிய அடுப்பு, குளிர்பெட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு 2,52,000 செலவழித்தால் மூன்று ஆண்டுக்கு மாதம் 7,000. மொத்தம் 56,000; நாளுக்கு 59 ஆர்டர். முதலாளியின் 20,000 சேர்ந்தால் 79. கட்ட இரண்டு ஆள் நின்றால் மதியத்துக்கு மொத்தம் 60 வரை தாங்கும், இரவுச் சாப்பாட்டு நேரமும் திறந்தால் மீதியை அங்கே பிடிக்கலாம். மதியம் மட்டும் திறக்கும் எண்ணத்தோடு அறை எடுப்பது, இந்தக் கணக்குப்படி, நடவாத காரியம்.

அறையில் தவறு நேர்வது பெரும்பாலும் சமையலில் இல்லை, புகையிலும் கழிவுநீரிலும்தான். மேல்மாடியில் குடியிருப்பு இருந்தால் புகைபோக்கிக் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அதற்கு அனுமதி கிடைக்குமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சாம்பாரும் எண்ணெயும் கழுவிய நீர் நேராகச் சாக்கடையில் இறங்கினால் சில மாதங்களில் குழாய் அடைக்கும்; எண்ணெய் தேங்கும் தொட்டி ஒன்றை முதலிலேயே கட்டிவிடுவது நல்லது. மாநகராட்சியின் தொழில் உரிமமும் தேவைப்படும். வெளியேறும் நாளில் மேடையும் குழாயும் கட்டட உரிமையாளருக்கே போய்விடும். 2,52,000 ரூபாயில் அடுப்பும் குளிர்பெட்டியும் பாத்திரமும் விற்றுக் கிடைப்பது மட்டுமே திரும்பும்.

இடத்தின் தன்மையையும் நாள்கணக்கில் பார்க்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் மதியம் அலுவலகக் கூட்டம் குவியும், சனி, ஞாயிறில் அது வற்றிவிடும். நல்ல நாள் 26க்குப் பதிலாக 22 ஆனால் 59 ஆர்டர் தேவை 69 ஆகிறது. குடியிருப்புப் பகுதியில் மதியம் மிதமாக இருந்தாலும் இரவும் வார இறுதியும் கைகொடுக்கும். கலவை சாதத்துக்கு அதுவே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

## பகிர்வுச் சமையற்கூடம்

புகைபோக்கி, கழிவுநீர், தீத்தடுப்பு, பணியாளர் காத்திருக்கும் இடம் ஆகிய யாவும் தயாராக இருக்கும். கட்டணம் 32,000, ஆட்களுக்கு அதே 28,000, மின்சாரமும் எரிவாயுப் பராமரிப்பும் 5,000, இதரம் 1,000, சொந்தப் பாத்திரங்களுக்கு 72,000 போட்டால் மாதம் 2,000, மொத்தம் 68,000. நாளுக்கு 71 ஆர்டர் வந்தால்தான் செலவே ஈடாகும். முதலாளியின் 20,000 சேர்ந்தால் 92.

இதன் பலம் வெளியேறுவதில் இருக்கிறது. சுவரில் புதைத்த பணம் எதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் 11 மாதமோ அதற்கு மேலோ கட்டாயக் காலம் இருந்தால் அந்தப் பலம் பெயரளவில்தான். இன்னொன்று, சில கூடங்கள் மாதக் கட்டணத்தோடு விற்பனையில் ஒரு பங்கும் கேட்கும். 170 ரூபாயில் 5 சதவீதம் என்றாலே 8 ரூபாய் 50 காசு. 37 ரூபாய் மீதி 28 ரூபாய் 50 காசாகக் குறைந்து, தேவை 71-லிருந்து 92 ஆர்டருக்குத் தாவும். செயலியின் கமிஷனுக்கு மேல் இரண்டாவது கமிஷனைக் கலவை சாதம் போன்ற குறைந்த விலை உணவு தாங்காது. பிரியாணி போல ஆர்டர் மதிப்பு பெரிதாக இருந்தால் தாங்கக்கூடும்.

## மூன்றும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீடு | வாடகை அறை | பகிர்வுக் கூடம் |
|---|---|---|---|
| மாதச் செலவு | 10,000 | 56,000 | 68,000 |
| செலவு ஈடாக நாளுக்கு ஆர்டர் | 11 | 59 | 71 |
| முதலாளிக்கு 20,000 சேர்த்தால் | 32 | 79 | 92 |
| மதியத்துக்கு மொத்தம் தாங்குவது | சுமார் 30 | சுமார் 60 | சுமார் 60 |
| தொடக்கப் பணம், முன்பணம் நீங்கலாக | 36,000 | 2,52,000 | 72,000 |
| முதலில் இடிப்பது | அண்டை வீட்டார், இணைப்புகள் | புகை, கழிவுநீர் | கட்டாயக் காலம், விற்பனைப் பங்கு |

கணக்கில் உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் வாடகையையும் கமிஷனையும் இட்டு அதே வரிசையில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

## எது யாருக்கு

தரைத்தள வீடும், சம்மதிக்கும் உரிமையாளரும், குடும்பத்தில் மதிய நேரத்தில் ஒரு துணையும் இருப்பவருக்கு வீடே சரி. அங்கே மூன்று மாதம் நடத்தி, தள்ளுபடி இல்லாமல் வாரக் கடைசியில் எத்தனை பேர் மீண்டும் வாங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகே அடுத்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்கனவே உணவகத்திலோ விழாச் சமையலிலோ பெரிய அளவில் சமைத்துப் பழகியவர், மதியமும் இரவும் திறக்க ஆள்பலம் உள்ளவர், ஆறு மாத நட்டத்துக்குத் தேவையான பணத்தைத் தனியே வைத்திருப்பவர் ஆகியோருக்கு வாடகை அறை பொருந்தும். பகிர்வுக் கூடத்தை, நகரின் ஒரு பகுதியில் நன்றாக விற்றுக்கொண்டிருப்பவர் இரண்டாவது பகுதியைச் சோதிக்கும்போது மட்டுமே நான் பரிந்துரைப்பேன். முதல் சமையலறையாக அதை எடுப்பவர், யாரும் அறியாத பெயருக்கு முதல் மாதமே 71 ஆர்டர் தேட வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்து அறைக்கு மாறும்போது ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் ஆளுக்கு மட்டும் உரியது அன்று, முகவரிக்கும் உரியது. புதிய முகவரிக்கான பதிவையோ உரிமத்தையோ foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பித்து வாங்காமல் செயலியில் இடத்தை மாற்ற முடியாது. வீட்டில் சேர்த்த மதிப்பீடும் கருத்துகளும் புதிய முகவரிக்குக் கூடவே வருமா, அல்லது புதுக் கடையாகக் கணக்காகுமா என்பதைச் செயலியின் பிரதிநிதியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே அறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். புதுக் கடையாகக் கணக்கானால் தள்ளுபடியை மறுபடி 30 ரூபாயிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 59 ஆர்டர் என்ற கணக்கு அந்த 30 ரூபாயை வைத்தே போடப்பட்டது.